கைராசியும் வயதும்

எனக்கும் அவருக்கும் ஒரே உத்தரவில், அடுத்தடுத்த வரிகளில் வேலை வந்தது. 1963 ஜூலை. என்னைத் திருவள்ளூரிலும் அவரைப் பொன்னேரியிலும் நன்னடத்தை அலுவலர்களாகப் போட்டார்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை எல்லாம் என் பக்கம். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், பழவேற்காட்டுக் குப்பங்கள் அவர் பக்கம். அந்த உத்தரவில் என் பெயர் முதலில் இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் என் பெயர் அவர் பெயருக்கு முன்னால் வந்ததாக நினைவில்லை.

எங்கள் வேலை என்னவென்று என் மாமனாருக்கே கடைசிவரை புரியவில்லை. ஏதோ ஜெயில் வேலை என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தொரு வயது ஆகாத ஒருவன் திருட்டிலோ அடிதடியிலோ மாட்டினால், சிறைக்கு அனுப்புமுன் மாஜிஸ்திரேட் எங்களிடம் அறிக்கை கேட்பார். வீடு எப்படி, கூட்டாளிகள் யார், வேலை உண்டா என்று விசாரித்து எழுதுவோம். அவருக்குத் திருப்தி என்றால், ஒழுங்காக இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு எங்கள் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்புவார். அந்தக் காலத்துக்குள் அவன் மறுபடி மாட்டி உள்ளே போகாவிட்டால் 'தேறியது', போனால் 'தவறியது'. ஆண்டு முடிவில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த இரண்டில் ஒன்றை எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

பொன்னேரிக்காரரின் பட்டியலில் தவறியவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். என்னுடையதில் தேட வேண்டியதில்லை.

மாதக் கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி அவரைப் பற்றிச் சொல்லும் சொல் ஒன்றுதான்: கைராசி. "சிலருக்கு அது பிறவியிலேயே அமையும். டாக்டர்களில் இல்லையா? ஒரே மாத்திரைதான், ஒருவர் கொடுத்தால் கேட்கும், இன்னொருவர் கொடுத்தால் கேட்காது." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் இருக்கப் பெருமுயற்சி செய்வார். அவர் நேராகப் பார்த்துத் திட்டியிருந்தாலாவது தேவலை.

நான் பையன்களின் வீட்டுக்குப் போன ஒவ்வொரு நாளையும் தேதி, கிழமை, போன நேரம், வந்த நேரத்தோடு எழுதிவைப்பவன். பொன்னேரிக்காரரின் நாட்குறிப்பில் "போன வாரம் பார்த்தேன், நன்றாக இருக்கிறான்" என்று இருக்கும். எந்த வாரம்? யாருக்குத் தெரியும்! அவர் ராயபுரத்தில் வளர்ந்தவர். பையன்களிடம் அவர்களைப் போலவே பேசுவார். ஒருமுறை கும்மிடிப்பூண்டி ரயிலடியில், வண்டியிலிருந்து நிலக்கரி திருடி மாட்டியிருந்த ஒருவனிடம் அவர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இன்னாடா, கல்யாண மாப்ள மாதிரி கீற? ஷிப்ட்டுக்குப் போறியா?"

"போய்க்கினுதான் சார் கீறேன். மேஸ்திரிதான் பேஜாரு பண்றான்."

"உன்னியப் பார்த்தா நான்கூடத்தான் பேஜாரு பண்ணுவேன். நாஷ்டா துன்னியா?"

அவ்வளவுதான். இதுதான் அவருடைய கண்காணிப்பு. அந்தப் பையன் தேறினான்.

அவர் எப்போதாவது திருவள்ளூர் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். போன பிறகு என் மனைவி, "அவரு மூஞ்சியப் பார்த்தாலே பொய் சொல்லத் தோணாதுங்க" என்பாள். என் முகத்தைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று நான் கேட்டதில்லை.

இந்த எரிச்சலில்தான் நான் கணக்கெடுக்கத் தொடங்கினேன். உண்மையைத் தேடும் ஆர்வம் என்று பின்னாளில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். கைராசி என்று ஒன்று கிடையாது என்று நிரூபிக்க வேண்டும் என்பதே அப்போதைய ஆசை. 1969 ஆகஸ்டிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தவிர, மாலை நாலரைக்கு மேல் நீதிமன்றப் பதிவறையில் உட்கார அனுமதி வாங்கினேன். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் திருட்டு, அடிதடி வழக்குகளில் தண்டனை பெற்ற எல்லாரையும் எடுத்து, எந்த வயதில் முதலில் வந்தான், கடைசியாக எந்த வயதில் வந்தான் என்று கட்டம் போட்டு எழுதினேன்.

காவல் நிலைய எழுத்தர் சிரித்தார். அவர் ஒரு தலைமைக் காவலர், என்னைவிட மூத்தவர். "சார், திருடன் எந்த வயசுலியும் திருடன்தான். இங்க பாருங்க." பழைய கேடிகளின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். எல்லாருக்கும் முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து. "ஒருத்தனாவது திருந்தினானா?"

நான் அதைப் பார்த்து ஒரு வாரம் குழம்பிப் போயிருந்தேன். பிறகுதான் புரிந்தது. விடாமல் செய்கிறவனின் பெயர்தான் அந்தப் பதிவேட்டில் நிற்கும். விட்டவனைப் பற்றி எழுத ஏடு எதுவும் கிடையாது. கடைசி ரயில் போன பிறகும் மேடையில் படுத்திருப்பவர்களை எண்ணிவிட்டு, வண்டியில் வந்த யாருமே வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்வதுபோல் எழுத்தர் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த தொல்லை, வயது. குற்றப்பத்திரிகையில் வயது 'சுமார்' என்றுதான் இருக்கும். சுமார் இருபது, சுமார் இருபத்தைந்து. போலீஸ்காரர் ஆளைப் பார்த்து எழுதுவது. ஆளும் சும்மா இருக்கமாட்டான். சின்ன வயது என்றால் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பி வருஷக்கணக்கில் வைத்துவிடுவார்கள். கொஞ்சம் பெரியவன், இருபத்தொன்று ஆகாதவன் என்றால் தெற்கே இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளி, அங்கும் வருஷக்கணக்குதான். பெரியவன் என்று சொன்னால் சின்னத் திருட்டுக்கு ஒரு மாதத்தில் வெளியே வந்துவிடலாம். இதைக் காவலறையில் ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொடுப்பான். மீசை முளைக்காதவன்கூட "இருபத்திரெண்டு சார்" என்பான். அதனால் என் முதல் அட்டவணையில் இருபத்திரண்டாவது வயதில் ஒரு பெரிய கும்பல் நின்றது. ஊரிலுள்ள இளைஞர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு இருபத்திரண்டில் திருடினதுபோல.

பள்ளிக்கூடப் பதிவேடும் உதவவில்லை. தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்டவனுக்கு ஐந்து வயது முடிந்ததென்று எழுதிச் சேர்த்தவர்கள் நம் வாத்தியார்கள். பாதி ஊர் ஜூன் முதல் தேதியில் பிறந்திருக்கிறது. ஆகவே நான் தாய்மார்களிடம் போனேன். "ஏரி உடைஞ்ச வருஷமா, அதுக்கு முன்னியா? நெல்லுக்குக் கட்டுப்பாடு இருந்ததா? இவன் கைக்குழந்தையா, நடந்தானா?" தேவாலயம் உள்ள ஊர்களில் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. அதில் தேதி இருக்கும். அந்த ஏடுகளைப் போல் எனக்கு இன்பம் தந்த புத்தகங்கள் குறைவு.

வயதுகளைத் திருத்தி மறுபடி போட்டேன். 1972 ஆகஸ்ட் முடிவதற்குள் முடிந்தது. இருபத்திரண்டின் கும்பல் கலைந்து, அவரவர் வயதுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மேடு. பதின்மூன்றில் ஒருவர் இருவர். பதினைந்தில் ஏறத் தொடங்கி, பதினேழு பதினெட்டில் உச்சி. பத்தொன்பது இருபதில் சரிவு. இருபத்தைந்துக்கு மேல் ஆள் குறைந்து, முப்பதுக்கு மேல் மெல்லிய வால். திருட்டின் உச்சி கொஞ்சம் முன்னால், அடிதடியின் உச்சி ஓரிரு வருஷம் பின்னால். அந்த வாலில் நின்ற சிலர்தான் எழுத்தரின் பதிவேட்டில் இருந்தவர்கள். ஊரில் விசாரித்ததில், அவர்களில் பெரும்பாலோர் எட்டு, ஒன்பது வயதிலேயே தொடங்கியவர்கள்.

ஏன் விட்டாய் என்று அகப்பட்டவர்களையெல்லாம் கேட்டேன். பெரிய காரணம் ஒருவரும் சொல்லவில்லை. வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. கூட்டாளி பம்பாய் போய்விட்டான், தனியாகச் செய்யப் பிடிக்கவில்லை. பொதட்டூர்பேட்டையில் காய்கறிக் கடை வைத்திருந்த ஒருவன் வெண்டைக்காயை உடைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்ப ஓடணும்னு இருந்திச்சு. இப்ப ஒக்காரணும்னு கீது."

எனக்கு மிகப் பிடித்த வரி அட்டவணையின் அடியில் இருந்தது. கண்காணிப்பே இல்லாமல், அபராதம் கட்டிவிட்டுப் போனவர்களும் ஏறக்குறைய அதே வயதில்தான் விட்டிருந்தார்கள். ஒருவர் முகமும் பார்க்காமல், ஒருவர் கையும் படாமல்.

பிறகு பொன்னேரிக்காரரின் பையன்களின் வயதையும் என் பையன்களின் வயதையும் அதே முறையில் திருத்தித் தனியாகப் போட்டுப் பார்த்தேன். அவருடையவர்கள் பத்தொன்பது, இருபது. எல்லாரும் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள். என்னுடையவர்கள் பதினாறு, பதினேழு. ஏறிக்கொண்டிருந்தவர்கள். காரணமும் கிடைத்தது. அவர் பக்கத்துக் குப்பங்களில் சின்னப் பையன் வலையையோ துடுப்பையோ திருடினால் போலீசுக்குப் போகமாட்டார்கள். குப்பத்துப் பஞ்சாயத்தில் நிறுத்தி, அப்பனை ஊர் முன்னால் விழுந்து கும்பிடவைத்து, முடித்துவிடுவார்கள். கல்யாண வயதை நெருங்கிய பிறகும் செய்கிறவனைத்தான் நீதிமன்றத்துக்கு விடுவார்கள். அவர் கைக்கு வரும்போதே பையனுக்குப் பாதி சலித்துப் போயிருந்தது. கைராசியாம்!

அன்று இரவு நான் இரண்டாம் முறை சோறு கேட்டதாக என் மனைவி சொன்னாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போது என் கண்காணிப்பில் பள்ளிப்பட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான். விவசாயக் கூலிக் குடும்பம். அப்பன் இல்லை. சைக்கிள் திருட்டு. எடுத்து விற்கமாட்டான். மூன்று கூட்டாளிகளோடு நகரிவரை மிதித்துப் போய், சாலையோரம் போட்டுவிட்டு நடந்து வருவான். ஏன்டா என்று கேட்டதற்கு, "நான் எடுக்கறப்ப அவங்க பார்த்துக்கினு இருந்தாங்க சார்" என்றான். என்னிடம் வந்து ஓராண்டுக்குள் இன்னொரு சைக்கிள் காணாமல் போய், புகார் வருமுன் திரும்பி வந்திருந்தது. அடுத்தது மாட்டும். அதுவும் என் பட்டியலில்தான் ஏறும்.

அவனுடைய தாய்மாமன் ஆரம்பாக்கத்தில் இருந்தான். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பையனை மாமன் வீட்டுக்கு அனுப்பலாம், கூட்டாளிகளிடமிருந்து பிரியும், தொழில் பழகுவான் என்று 1972 அக்டோபரில் நீதிமன்றத்துக்கு எழுதினேன். எழுதியது அத்தனையும் நியாயம். எழுதவைத்தது நியாயம் அல்ல. அவனுக்கு அப்போது பதினேழு வயதும் எட்டு மாதமும். மேட்டின் உச்சி. மார்ச் கணக்குக்குள் அவன் பொன்னேரிக்காரரின் பட்டியலில் மாட்டுவான் என்று எதிர்பார்த்தேன். மாட்டட்டும் என்று இருந்தேன்.

நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பொன்னேரிக்காரர் சிரித்தார். "இன்னா சார், உங்க ஊரு சாமானையும் என் தலையில கட்றீங்க? பரவால்ல, அனுப்புங்க. பூச்சி கடிச்ச மாங்காதான் தித்திக்கும்."

1973 ஜனவரி இறுதியில் பையன் மாட்டினான். தொழிற்சாலைச் சாமான் கிடங்கிலிருந்து பித்தளைத் துண்டுகள். கூட அதே வயதில் இரண்டு பேர். அந்த மாதக் கூட்டத்தில் மேலதிகாரி முதல் தடவையாகப் பொன்னேரிக்காரரிடம், "என்ன, உங்களுக்குமா?" என்று கேட்டார். நான் காத்திருந்த நேரம் அது. பையில் இருந்த அட்டவணையை எடுத்து மேசைமேல் விரித்தேன். பதினைந்து நிமிஷம் பேசினேன். கைராசி என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லாமல் பேசினேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் நாம் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறீர்களா? வயதானால் தானே சரியாகிவிடுமென்று மேலே எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போனார்.

பொன்னேரிக்காரர் மட்டும் அதன்மேல் குனிந்தபடியே இருந்தார். விரலால் மேட்டைத் தடவிக்கொண்டு போய்ச் சரிவில் நிறுத்தினார். "சார், இத ஒரு வாரம் எனக்குக் குடுங்க" என்றார். கோபமே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் திருவள்ளூருக்கு வந்தார். வீட்டுக்கு வரவில்லை, அலுவலகத்துக்கு வந்தார்.

"பையன் போலீஸ்ல இருபத்திரெண்டுன்னு சொல்லிக்கிறான் சார். உள்ள எவனோ சொல்லிக்குடுத்துக்கிறான், அப்படிச் சொன்னா ஒரு மாசத்துல உட்ருவாங்கன்னு. ஆனா இது ரெண்டாவது கேஸு. இருபத்தொண்ணு தாண்டிட்டான்னா என் ரிப்போர்ட்டை யாரும் கேக்கவே போறதில்ல. நேரா மெட்ராஸ் ஜெயிலு. பெரிய கைங்களோட. இந்த மேட்டுல இருக்கறவனை அங்க போட்டா..." அவர் அட்டவணையைத் தட்டினார். "நீங்க அனுப்பின பைல்ல வயசு சுமார் பத்தொன்பதுன்னு கீது. போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கணக்கு அது. கூட்டிப் பார்த்தா அதுவும் ஏறக்குறைய ஒத்துப்பூடுது. உங்களுக்கு நெஜ வயசு தெரியும் இல்ல?"

தெரியும். கோப்பில் குற்றப்பத்திரிகையில் உள்ள வயதையே எழுத வேண்டும், இல்லாவிட்டால் காகிதமும் காகிதமும் முரண்படும் என்பது எங்கள் வழக்கம். அவனும் அப்போதே சீர்திருத்தப் பள்ளிக்குப் பயந்து வயதைக் கூட்டித்தான் சொல்லியிருந்தான். நிஜத் தேதி என் சொந்தக் குறிப்பேட்டில் இருந்தது: ஊர், தேவாலயம், பதிவேட்டின் பக்கம், வரிசை எண் எல்லாம். குறிப்பேடு மேசை இழுப்பறையில், என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

"பார்க்கணும். எங்கியோ எழுதிவெச்ச ஞாபகம்" என்றேன்.

"பாருங்க சார். வர்ற பதினாலாம் தேதி வாய்தா."

ஆறு நாள் நான் பார்க்கவில்லை. ஒரு நாள் தேவாலயச் சான்றிதழ் வாங்கப் பள்ளிப்பட்டுப் பேருந்து வரை போய்விட்டு, கூட்டம் என்று திரும்பிவந்தேன். மறுநாள் கூட்டம் இல்லாத பேருந்தையும் விட்டேன். பையனுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. அவன் தப்பித்தால் பொன்னேரிக்காரர் ஜெயிப்பார். அது ஒன்றுதான் என் காலைப் பிடித்து இழுத்தது.

ஏழாம் நாள் காலையில் பையனின் அம்மா வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

"ஜெயில்ல சோறு போடுவாங்களா நைனா?"

"போடுவாங்கம்மா."

"அவன் ராவுல எழுந்து தண்ணி கேப்பான். சின்ன வயசுலேருந்து. பக்கத்துல படுத்திருக்கிற பெரிய ஆளுங்க அடிப்பாங்களாமே? அந்தப் பொன்னேரி சாரு சொன்னாரு, திருவள்ளூர் சாருகிட்டத்தான் எல்லாம் இருக்குது, அவரு மனசு வெச்சா நடக்கும்னு." பையிலிருந்து நான்கு கொய்யாப்பழத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் என்னைப் பற்றி அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்! அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்றும் நான் போயிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

பழத்தை அவள் பையிலேயே திரும்பப் போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பத்தே காலுக்குப் பள்ளிப்பட்டுப் பேருந்தில் ஏறினேன். பாதிரியார் இல்லை, ஆந்திரா பக்கம் போயிருந்தார். மறுநாள் மறுபடி போய்ச் சான்றிதழ் வாங்கினேன். 1955 பிப்ரவரியில் பிறப்பு, அடுத்த மாதம் ஞானஸ்நானம்.

பதினாலாம் தேதி பொன்னேரி நீதிமன்றத் தாழ்வாரத்தில் காகிதத்தை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் அட்டவணையையும் எடுத்தார். நான் எதையும் தேதி போடாமல் எழுதுவதில்லை. கடைசித் தாளின் கீழ்மூலையில் 1972 ஆகஸ்ட் என்று இருந்தது. அங்கே விரலை வைத்தார்.

"இத முடிச்சப்புறம்தான் பையனை எனக்கு அனுப்பியிருக்கீங்க. அக்டோபர்ல."

நான் அந்தத் தேதியைப் பார்த்தேன்.

"உச்சியில கீறான்னு தெரிஞ்சுதான் அனுப்பினீங்க, இல்ல சார்?"

"ஆமாம்."

தாழ்வாரத்தில் கைவிலங்கோடு நின்றிருந்த பையனை ஒரு பார்வை பார்த்தார். "சரி வாங்க. கூப்புட்றாங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வயதுச் சான்றிதழைப் பார்த்த மாஜிஸ்திரேட் பதினெட்டு என்று திருத்தி எழுதினார். சிறை இனி கட்டாயம் இல்லை. பார்ஸ்டல் பள்ளி இருந்தது. அரசுத் தரப்பில், "சிறு வயது முதலே திருடி வருபவன், திருந்தமாட்டான்" என்றார்கள். பொன்னேரிக்காரர் அட்டவணையை நீட்டி, "இதைத் தயாரித்தவர் வந்திருக்கிறார்" என்று என்னைக் காட்டினார். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

மாஜிஸ்திரேட் தாளை வெகுநேரம் பார்த்தார். "இதன்படி இந்த வயதில் எல்லாரும் ஏறி, பிறகு இறங்குகிறார்கள். இவன் இறங்குவானா?"

ஒரு நொடி யோசித்தேன். 'ஆம்' என்றால் அது பொய். 'தெரியாது' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது உண்மை, ஆனால் அவன் பார்ஸ்டலுக்குப் போய்விடுவான். பொன்னேரிக்காரரின் பட்டியலில் 'தவறியது' என்று ஒன்று ஏறும்.

"ஒரு பையனைப் பற்றி இந்தத் தாள் எதையும் சொல்லாது. இவனைப் போன்றவர்களில் பெரும்பாலோர் இருபத்தைந்துக்குள் விட்டிருக்கிறார்கள். நாற்பதுவரை விடாமல் போன சிலர் எட்டு, ஒன்பது வயதில் தொடங்கியவர்கள். இவன் சிறு வயது முதல் திருடியவன் அல்ல. முதல் சைக்கிளை எடுத்தபோது பதினாறு முடிந்து ஆறு மாதம். அதற்கு முன் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்திலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்துத் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன்."

"கூட்டாளிகள்?"

"தனியாக ஒருமுறையும் எடுத்ததில்லை. பார்ஸ்டலில் இவன் வயதுக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். மாமன் வேலை செய்யும் இடத்தில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள்."

சொல்லி முடித்துக் கூண்டிலிருந்து இறங்கினேன். பொன்னேரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனையும் தொழிற்சாலை மேஸ்திரியையும் கூப்பிட்டு விசாரித்த பிறகு, கண்காணிப்பை மூன்று ஆண்டுக்கு நீட்டி உத்தரவானது. கிடங்கு வேலை கூடாது, பட்டறையில் மேஸ்திரியின் கண் முன்னால் இருக்க வேண்டும். கண்காணிப்பவர் யார் என்று மாஜிஸ்திரேட் கேட்காமலே எழுதினார்: பொன்னேரி அலுவலர். பையன் அவரிடம் ஓடி, "சார், நான் இனிமே..." என்று தொடங்கினான். "மூட்றா வாயை. மொதல்ல உங்கம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடு" என்றார் அவர். என் பக்கம் ஒருவரும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

அந்தக் கோடையில் பையன் தொழிற்சாலை வாசலில் ஒருவனை அடித்துப் பல்லை உடைத்தான். சமாதானமாகப் போயிற்று. அடுத்த ஆண்டு ஒன்றும் இல்லை. அதற்கடுத்த ஆண்டும் ஒன்றும் இல்லை. 1976இல் காலம் முடிந்தபோது அவனுக்கு இருபத்தொன்று. கூட்டத்தில் மேலதிகாரி எழுந்து நின்று பொன்னேரிக்காரரின் கையைக் குலுக்கினார். "ரெண்டு தடவை மாட்டினவன்! இதைத்தானே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?" பொன்னேரிக்காரர் என்னைக் காட்டி ஏதோ சொல்லப் போனார். மேலதிகாரி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டவணையை எடுத்து, இருபத்தொன்றாம் வயதின் கட்டத்தில், விட்டவர்கள் வரிசையில் ஒரு கோடு போட்டேன். தாளின்படி அவன் இறங்கும் வயதில் இறங்கிய பலரில் ஒருவன். பொன்னேரிக்காரரின் அறிக்கைப்படி அவரால் திருந்தியவன். மேஸ்திரியைக் கேட்டால் இன்னொன்று சொல்வார், மாமன் இன்னொன்று. ஒரே ஒரு பையனை வைத்துக்கொண்டு இதில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அதைக் கூண்டில் நின்று சத்தியம் செய்து சொன்னவனும் நான்தான்.

ஆனாலும் அன்று அந்தக் கோட்டை நான் மற்றக் கோடுகளைவிடச் சற்று அழுத்தித்தான் போட்டேன். அது வயதின் கணக்கில்தான் சேர வேண்டும், அவர் கணக்கில் சேரக் கூடாது என்று.